சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கும் மடல்

ஆஃபர் லெட்டரில் சேரும் தேதிக்கு ஒரு வரிதான் இருக்கும். அந்த வரியோடு பிணைந்த நிபந்தனைகள் மட்டும் கடிதம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒன்று இரண்டாம் பக்கத்தில், இன்னொன்று இணைப்பில், வேறொன்று கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில். ‘இன்னும் இரண்டு வாரம் வேண்டும்’ என்று ரெக்ரூட்டருக்கு எழுதுவதற்கு முன் இவற்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. எந்தத் தேதியைக் கேட்பது, எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது ஆகிய மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய நிறுவனத்திலிருந்து ஜூன் 4, புதன்கிழமை அவருக்கு ஆஃபர் வருகிறது. கடிதத்தில் நான்கு இடங்களை அவர் அடிக்கோடிடுகிறார். ஜூன் 9, திங்கள் மாலைக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். செப்டம்பர் 1 அன்றோ அதற்கு முன்போ வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் ஆஃபர் தானாகவே ரத்தாகிவிடும். சேரும் நாளன்று பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரைக் காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தில் செய்யும் எந்த மாற்றமும் நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தில் தந்தால் மட்டுமே செல்லும். இப்போது அவர் இருக்கும் இடத்தில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அவர் இன்னும் பேப்பர் போடவில்லை.

முதலில் கணக்கு. ஜூன் 9 அன்று ராஜினாமா கொடுத்து, அன்றையே முதல் நாளாக எண்ணினால் ஜூனில் 22 நாள், ஜூலை, ஆகஸ்ட் இரண்டிலும் 31, 31, ஆக 84. மீதி ஆறு நாள் செப்டம்பரில் விழுகிறது. தொண்ணூறாவது நாள் செப்டம்பர் 6, சனிக்கிழமை. ராஜினாமாவுக்கு மறுநாளிலிருந்து எண்ணும் நிறுவனம் என்றால் அது 7 ஆகிவிடும். பணி நியமன ஆணையில் ‘90 நாள்’ என்றில்லாமல் ‘மூன்று மாதம்’ என்றிருந்தால் கணக்கு 8-ம் தேதியைத் தொடும். மேலாளர் போர்ட்டலில் ராஜினாமாவை ஏற்ற நாளிலிருந்துதான் நோட்டீஸ் ஓடும் என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. எனவே பழைய நியமன ஆணையையும் புதிய ஆஃபரைப் படித்த அதே கவனத்தோடு எடுத்துப் படிக்க வேண்டும். ரெக்ரூட்டர் போனில் ‘நோட்டீஸ் எவ்வளவு?’ என்று கேட்டபோது ‘தொண்ணூறு நாள்’ என்று சொன்ன பதிலை வைத்து, ஜூன் பிறந்ததிலிருந்து மூன்று மாதம் போட்டு, செப்டம்பர் 1 என்று யாரோ நிரப்பியிருக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. ராஜினாமா எந்த நாளில் கொடுக்கப்படும் என்பதை அந்தக் கணக்குப் போட்டவர் யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதை மட்டும் பார்த்தால், செப்டம்பர் 8, திங்கள்கிழமை என்று கேட்டுவிட்டால் போதும் என்று தோன்றும். பலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். மூன்றாவது நிபந்தனையை மறந்துவிடுவதால் வரும் வினை இது. ரிலீவிங் லெட்டரைக் கடைசி வேலை நாளன்றே கையில் கொடுத்துவிடும் நிறுவனங்கள் உண்டு. மடிக்கணினி, அடையாள அட்டை எல்லாம் திரும்பி வந்து, கணக்கு முடிந்த பிறகுதான் தருவோம் என்று சில நாளோ சில வாரமோ இழுக்கும் நிறுவனங்களும் உண்டு. கடைசி நாள் சனிக்கிழமையில் விழுந்தால், ஹெச்.ஆர். பிரிவு அதைத் திங்களன்றுதான் கையில் எடுக்கும். அந்தத் திங்கள்தான் 8-ம் தேதி. அன்று காலை புதிய அலுவலக வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவரிடம் ரிலீவிங் லெட்டர் இருக்காது. கேட்டு வாங்கிய புதுத் தேதியிலும் அவர் நிபந்தனையை மீறியவராகவே நிற்பார். ஆகவே சேரும் தேதியை முடிவு செய்ய வேண்டியது ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும் நாள். கடைசி வேலை நாள் அல்ல. பழைய நிறுவனத்தில் முன்பு விலகிப் போனவர்களிடம் விசாரித்தால் அது எத்தனை நாளில் வருகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு வாரத்துக்குள் வருகிறது என்று வைத்துக்கொண்டால், கேட்க வேண்டிய தேதி செப்டம்பர் 15, திங்கள்.

கேட்காமலே சமாளிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. செப்டம்பர் 1-ல் சேர ஆறு நாள்தான் குறைகிறது. அந்த ஆறு நாளுக்குப் பணம் கட்டி விலகலாம். பை-அவுட் என்று இதைச் சொல்கிறார்கள். மாதம் 90,000 ரூபாய் மொத்தச் சம்பளம் வாங்குபவருக்கு, மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால் 18,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்று கொண்டு, அதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 9,000. தொகை பெரிதில்லை. ஆனால் நியமன ஆணைகளில் இந்த வசதி வழக்கமாக ‘நிறுவனத்தின் விருப்பப்படி’ என்ற சொற்களோடுதான் வரும். ஊழியர் பணத்தை நீட்டினாலும் நிறுவனம் வாங்க மறுக்கலாம் என்பதே அதன் பொருள். அது நடக்குமா என்று தெரியாமல் செப்டம்பர் 1-க்கு ஒப்புக்கொள்வது, தன் கையில் இல்லாத ஒன்றை வாக்குக் கொடுப்பதாகும். ரிலீவிங் லெட்டர் தாமதமாகும் சிக்கல் அப்போதும் அப்படியே இருக்கும்.

இன்னொரு குறுக்கு வழியும் சில நேரம் காதில் விழுகிறது: பழைய இடத்தில் கடைசி வாரம் லீவு போட்டுவிட்டு, புதிய இடத்தில் 1-ம் தேதியே சேர்ந்துவிடுவது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒரே யு.ஏ.என். எண்ணின் கீழ் பழைய நிறுவனம் காட்டும் விலகிய தேதியும் புதிய நிறுவனம் காட்டும் சேர்ந்த தேதியும் பதிவாகின்றன. ஒரே வாரத்தில் இரண்டு வேலை என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும். பின்னணிச் சரிபார்ப்பில் அது சிக்கினால், தேதி கேட்டிருந்தால் முடிந்திருக்கக்கூடிய விஷயம் நேர்மை பற்றிய கேள்வியாகிவிடும்.

தேதி தெரிந்துவிட்டது. அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் சொற்களுக்கு வேலை வருகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 7-ம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு முன்மொழிவை ஏற்பது என்றால் அந்த ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும். ‘செப்டம்பர் 15 என்றால் சேர்கிறேன்’ என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது; எதிர் முன்மொழிவு. நிறுவனம் அதை மறுத்துவிட்டால், ‘சரி, பழையபடி 1-ம் தேதியே சேர்கிறேன்’ என்று திரும்பி வர உரிமை இருக்கிறதா என்பது சிக்கலான கேள்வி.

இங்கிலாந்தின் ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கு, 1840-ல், இதே கேள்வியைச் சந்தித்தது. ஒரு பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாக ரெஞ்ச் சொன்னார். ஹைட் 950 தருவதாகப் பேரம் பேசினார். ரெஞ்ச் மறுத்ததும், 1,000-க்கே வாங்கிக்கொள்கிறேன் என்று ஹைட் எழுதினார். 950 என்று சொன்ன போதே பழைய முன்மொழிவு அழிந்துவிட்டது, இனி அதை ஏற்க முடியாது என்றது நீதிமன்றம்.

நாற்பது ஆண்டு கழித்து, 1880-ல், ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கு வந்தது. அதில் நடந்தது சேரும் தேதிக் கதைக்கு இன்னும் நெருக்கமானது. இரும்பு டன் 40 ஷில்லிங், ரொக்கம், திங்கள்கிழமை வரை இந்த விலை நிற்கும் என்று மெக்லீன் சொல்லியிருந்தார். திங்கள் காலை ஸ்டீவன்சன் நிறுவனம் தந்தி அடித்தது: அதே 40-க்கு இரண்டு மாதத்தில் சரக்கு எடுத்துக்கொள்ள ஒப்புவீர்களா, இல்லையென்றால் அதிகபட்சம் எவ்வளவு கால அவகாசம் தருவீர்கள் என்று. மெக்லீன் பதில் சொல்லாமல் சரக்கை வேறொருவருக்கு விற்றுவிட்டார். அந்தச் செய்தி வந்து சேர்வதற்கு முன்பே ஸ்டீவன்சன் தரப்பு பழைய நிபந்தனையை அப்படியே ஏற்று இன்னொரு தந்தி அடித்துவிட்டது. முதல் தந்தி வெறும் விசாரிப்புத்தான், முன்மொழிவை நிராகரிக்கவில்லை. ஆகவே பிறகு வந்த ஏற்பு செல்லும் என்று தீர்ப்பாயிற்று. ஒருவர் விலையைக் குறைத்து எதிர்விலை சொன்னார். மற்றவர் அவகாசம் கிடைக்குமா என்று கேட்டார். மடல் எழுதுபவர் இரண்டாமவர் பக்கம் நிற்க வேண்டும்.

இதை வைத்துப் பெரிய சட்டப் பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. ஆஃபரை மீறிய நிறுவனத்தை, ‘இவரை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும்’ என்று நீதிமன்றம் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. யாரும் இதற்காக வழக்குப் போடவும் போவதில்லை. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. கேள்வியாக எழுதப்பட்ட மடலைப் படிக்கும் ஹெச்.ஆர். அலுவலருக்கு, ஆஃபர் உயிரோடு இருக்கிறது, தேதி மட்டுமே பேசப்படுகிறது என்பது ஒரு பார்வையில் புரியும். நிபந்தனையாக எழுதப்பட்ட மடலைப் பார்த்தால் அவர், ‘விண்ணப்பதாரர் ஆஃபரை ஏற்கவில்லை’ என்று குறித்துவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம்.

மடல் யாருக்குப் போகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ரெக்ரூட்டருக்குத் தேதியை மாற்றும் அதிகாரம் அநேகமாக இருக்காது. அவர் வெளி ஏஜென்சியைச் சேர்ந்தவர் என்றால், ஆள் சேர்ந்த பிறகுதான் அவருக்குக் கட்டணம் வரும். ஆகவே ‘முதலில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வது அவருக்கு இயல்பு. சொல்பவர் நல்லெண்ணத்தோடும் சொல்லலாம். ஆனால் கடிதத்தின் நான்காவது நிபந்தனை, அதிகாரம் பெற்றவர் எழுத்தில் தராத மாற்றம் செல்லாது என்கிறது. போனில் ரெக்ரூட்டர் சொன்ன ‘ஓகே’ அந்த வரியின் முன் நிற்காது. ஆகவே ரெக்ரூட்டர் அனுப்பிய அதே மடலுக்குப் பதிலாக எழுதி, ஆஃபரில் கையெழுத்திட்டவரையோ ஹெச்.ஆர். முகவரியையோ சேர்த்துக்கொள்வது நல்லது. பழைய மடலும் கடிதமும் அதே சங்கிலியில் இருந்தால் யாரும் எதையும் தேட வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கவலையையும் தெரிந்து எழுத வேண்டும். 90 நாள் நோட்டீஸ் என்பது, ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தேடப் போதுமான காலம். கடைசி வாரத்தில் போனை எடுக்காமல் காணாமல் போனவர்களை ஒவ்வொரு ரெக்ரூட்டரும் பார்த்திருப்பார். ஆகவே தேதியைத் தள்ளிக் கேட்கும் மடல் வந்ததும் அவருக்கு முதலில் வரும் சந்தேகம், ‘இவர் வேறு எங்கோ பார்க்கிறாரா?’ என்பதுதான். உறுதிமொழிகளை அடுக்கினால் அந்தச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. குறைப்பது ஆதாரம்: பழைய நியமன ஆணையில் நோட்டீஸ் பற்றிய பத்தி உள்ள பக்கம், நாள் எண்ணிய கணக்கு, ராஜினாமா ஏற்கப்பட்ட மடலின் நகலை அனுப்புவதாக ஒரு வரி. சம்பள விவரம் உள்ள பக்கங்களை இணைக்கத் தேவையில்லை.

ஜூன் 5, வியாழன் காலை அனுப்பும் மடல், ஆங்கிலத்தில் எழுதப்படுவதைத் தமிழில் சொன்னால், இப்படி அமையும்:

பொருள்: ஆஃபர் எண் (கடிதத்தில் உள்ளபடி): சேரும் தேதி குறித்து ஒரு கேள்வி

வணக்கம். ஜூன் 4 தேதியிட்ட ஆஃபர் கடிதம் கிடைத்தது, நன்றி. பதவி, சம்பளம் உள்ளிட்ட மற்ற நிபந்தனைகளைப் படித்தேன். அவற்றில் எனக்கு மாற்றம் எதுவும் தேவையில்லை. ஜூன் 9-க்குள் கையெழுத்திட்டு அனுப்ப விரும்புகிறேன்.

சேரும் தேதி செப்டம்பர் 1 அல்லது அதற்கு முன் என்று உள்ளது. இப்போதைய நிறுவனத்தில் என் நோட்டீஸ் 90 நாள். ஜூன் 9 அன்று ராஜினாமா கொடுத்தால் கடைசி நாள் செப்டம்பர் 6. ரிலீவிங் லெட்டர் அதன்பின் ஒரு வாரத்துக்குள் வழக்கமாகக் கிடைக்கிறது. சேரும் நாளன்று அதைக் காட்ட வேண்டும் என்பதால், தேதியைச் செப்டம்பர் 15, திங்கள் என்று மாற்ற முடியுமா? அதைச் சேர்ந்த பிறகு தரலாம் என்று அனுமதித்தால், செப்டம்பர் 8 அன்றே என்னால் சேர முடியும்.

இது ஒரு வேண்டுகோள் மட்டுமே. உங்கள் ஆஃபரை நான் மறுக்கவில்லை. மாற்ற முடியும் என்றால், திருத்திய கடிதமோ அதிகாரம் பெற்ற அலுவலரின் மடலோ ஜூன் 9 மதியத்துக்குள் கிடைத்தால் அன்றே கையெழுத்திடுவேன். நோட்டீஸ் பற்றிய பக்கத்தை இணைத்திருக்கிறேன். ராஜினாமா ஏற்கப்பட்டதும் அந்த மடலையும் அனுப்புகிறேன்.

மடலில் இல்லாதவையும் கவனிக்கத் தக்கவை. வீட்டு விசேஷம், வீடு மாறுவது, சற்று ஓய்வு என்று கூடுதல் காரணங்கள் எதுவும் இல்லை. உண்மையாகவே இருந்தாலும் அவை வலுவான காரணத்தை நீர்க்கச் செய்யும். படிப்பவர் பலவீனமான காரணத்தைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவார். ‘செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு’ என்பது போன்ற கொழகொழ தேதியும் இல்லை. ஹெச்.ஆர். மென்பொருளில் ஒரு தேதியைத்தான் நிரப்ப முடியும். இரண்டு தேதி கொடுத்திருப்பது ஒன்றுக்கொன்று முரணாகாது. ஒவ்வொன்றும் எந்த நிபந்தனையைச் சார்ந்தது என்பது அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. நிறுவனத்துக்கு ஆள் அவசரமாக வேண்டும் என்றால் அது தன் நிபந்தனையைத் தளர்த்தி ஒரு வாரத்தை மீட்டுக்கொள்ளலாம். வாடிக்கையாளர் திட்டத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களில் இந்த ஒரு வாரம் உண்மையிலேயே பேரம் பேசத் தக்கது.

பதில் வந்ததும் அதையும் கடிதத்தைப் படித்தது போலவே படிக்க வேண்டும். ‘நோட்டட்’ என்று மட்டும் வந்தால், மடல் கிடைத்தது என்றுதான் பொருள்; தேதி மாறவில்லை. ‘டீமோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்பதும் அதே நிலைதான். ‘செப்டம்பர் 15-க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, திருத்திய கடிதம் வரும்’ என்று அதிகாரம் உள்ளவர் எழுதினால் அது ஒப்புதல். ஒப்பந்தச் சட்டத்தின் 63-ம் பிரிவின்படி, வாக்குறுதியைப் பெற்றவர் அதை நிறைவேற்றும் காலத்தை நீட்டித்துத் தரலாம். இங்கே வாக்குறுதியைப் பெற்றவர் நிறுவனம். நீட்டிக்க வேண்டியதும் நிறுவனமே. ரெக்ரூட்டரிடமிருந்து வாய்ச் சம்மதம் மட்டும் வந்தால், ‘இன்று போனில் பேசியபடி செப்டம்பர் 15 என்று உறுதிசெய்ய வேண்டுகிறேன்’ என்று அதே சங்கிலியில் ஒரு வரி எழுதி, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

ஜூன் 9 மதியம் வரை பதிலே வரவில்லை என்றால்? பலர் கடிதத்தில் செப்டம்பர் 1-ஐப் பேனாவால் அடித்து 15 என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புகிறார்கள். ஹைட் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதற்குப் பதில், கையெழுத்திடும் கெடுவை இரண்டு நாள் நீட்டித் தரும்படி ஒரு வரி எழுதிக் கேட்கலாம்; அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்கும், ஏனென்றால் தாமதம் அவர்கள் பக்கம். அதுவும் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பதாரர் முன் நிற்பது நேரடியான தேர்வு. ஆறு நாளைப் பணம் கட்டி மீட்க முடியும், ரிலீவிங் லெட்டர் தாமதமானாலும் புதிய இடத்தில் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்பிச் செப்டம்பர் 1-க்குக் கையெழுத்திடுவது, அல்லது விட்டுவிடுவது. இந்தக் கட்டம் வரை பேப்பர் போடாமல் இருந்தது இங்கேதான் கைகொடுக்கிறது. பழைய வேலை இன்னும் கையில் இருக்கிறது.

ஒப்புதல் வந்து திருத்திய கடிதமும் வந்துவிட்டால், தேதி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடக் கூடாது. செப்டம்பர் 1-ஐ வைத்துக் கணக்கிட்ட மற்ற வரிகளும் சேர்ந்து மாறியிருக்க வேண்டும். ‘தானாக ரத்தாகும்’ என்ற வரியில் பழைய தேதியே கிடந்தால், முதல் பக்கத்தில் 15 என்றும் மூன்றாம் பக்கத்தில் 1 என்றும் கடிதம் தனக்குள்ளேயே முரண்படும். ஜாயினிங் போனஸ் இருந்தால், அதை எப்போது தருவார்கள், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பவை சேர்ந்த தேதியிலிருந்து ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட நாளுக்கு முன் சேர்ந்தவர்களுக்கே அடுத்த சம்பள உயர்வு என்ற வரி சில கடிதங்களில் இருக்கும்; தள்ளிக் கேட்ட இரண்டு வாரம் அந்த நாளைத் தாண்டிவிட்டால், உயர்வு ஓர் ஆண்டு தள்ளிப்போகக்கூடும். மடல் எழுதும் முன்பே பார்த்திருக்க வேண்டிய வரி அது. குறைந்தபட்சம் கையெழுத்துக்கு முன்பாவது பார்க்க வேண்டும். பல நிறுவனங்களில் புதியவர்களுக்கென்று ஒரு போர்ட்டல் உண்டு. அதில் பழைய தேதியே நின்றுகொண்டிருந்தால், கடிதம் திருத்தப்பட்டிருந்தாலும் கணினி செப்டம்பர் 2 அன்று ஆஃபரைக் காலாவதியாக்கிவிட வாய்ப்புண்டு. போர்ட்டலில் தேதி மாறியிருப்பதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்து. அதன் பிறகு ராஜினாமா. ஒப்புதல் ஜூன் 11-ல்தான் வந்தது என்றால் ராஜினாமாவும் இரண்டு நாள் தள்ளிப் போகும், கடைசி நாள் செப்டம்பர் 8 ஆகும், ரிலீவிங் லெட்டருக்கு இருந்த ஒரு வாரம் சுருங்கும். அப்போதும் 15 தாங்கும், ஆனால் இழுத்துப் பிடித்தபடிதான். செப்டம்பர் 6-க்கும் 15-க்கும் நடுவில் எந்த நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் இல்லாத நாட்கள் விழும். வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், பழைய காப்பீடு எந்த நாளோடு முடிகிறது, புதியது சேர்ந்த நாளிலேயே தொடங்குகிறதா என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ள வேண்டும். மடல்கள் அனைத்தும் தொடக்கத்திலிருந்தே சொந்த மின்னஞ்சல் முகவரியில் நடந்திருக்க வேண்டும். பழைய அலுவலக முகவரி கடைசி நாள் மாலையே மூடப்பட்டுவிடும். நோட்டீஸ் பக்கம், ராஜினாமா ஏற்பு மடல் ஆகியவற்றின் நகலை அதற்கு முன்பே, நிறுவன விதி அனுமதிக்கும் வழியில், எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.